ஒரு பக்கம் மட்டும் கேட்கும் போன் காட்சி: மூன்று வழிகளில் எதை எடுப்பது?

உப்புவெளியில் ஒரு வீடு, மாலை நேரம். வெள்ளிக்கிழமை சுகந்தியின் மகளின் கல்யாணம். சுகந்தியின் தம்பி ரமணன் கொழும்பில் இருக்கிறான். அடகில் இருக்கும் அம்மாவின் சங்கிலியை மீட்டுக்கொண்டு இன்றிரவு பஸ்ஸில் வரவேண்டும். அந்தச் சங்கிலிதான் பேத்தியின் கழுத்துக்குப் போகப்போகிறது. இந்த நேரத்தில் போன் அடிக்கிறது.

ஓரங்க நாடகத்துக்காக எழுதிய இந்தக் காட்சியின் முதல் வடிவம் இது. இரண்டு பேருடைய குரலும் சபைக்குக் கேட்கிறது. ரமணனுக்குக் குரல் கொடுப்பவர் பக்கத்திரைக்குப் பின்னால் மைக்கோடு நிற்கிறார்.

சுகந்தி: ஹலோ தம்பி! எங்க நிக்கிறாய்? பஸ் ஏறிட்டியா?
ரமணன்: இல்லை அக்கா. நான் இன்னும் அறையிலதான் நிக்கிறன்.
சுகந்தி: ஏன்? என்ன நடந்தது?
ரமணன்: சங்கிலியை மீட்க ஏலாமல் போயிட்டுது அக்கா. தவணை முடிஞ்சு மூண்டு மாசம். கடிதம் வந்தது, நான் உடைச்சுப் பாக்கேல்லை. போன கிழமை ஏலத்தில போயிட்டுது.
சுகந்தி: ஏலத்திலயோ! அப்ப நான் அனுப்பின காசு?
ரமணன்: அதை மோட்டர் சைக்கிள் லீசிங்குக்குக் கட்டிட்டன்.
சுகந்தி: அம்மாக்கு நான் என்ன சொல்லுறது?
ரமணன்: அம்மாக்குச் சொல்லாதேங்கோ. நான் வரேல்லை அக்கா. அவவின்ர முகத்தை எப்பிடிப் பாக்கிறது?
சுகந்தி: நீ வா. சங்கிலி இல்லாட்டிலும் வா.

இதில் பிழை ஒன்றும் இல்லை, கதை விளங்குகிறது. ஆனால் மேடையில் பார்த்தால் தெரியும்: ரமணன் பேசும்போதெல்லாம் சபையின் காது ஒலிபெருக்கிப் பக்கம் போகிறது, சுகந்தி பதிலுக்குக் காத்து நிற்கிறாள். ஏலம் என்ற சொல் அவளைத் தாக்கும் நொடியிலும் சபை அவளைப் பார்ப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. உண்மை முழுவதையும் ரமணனே சொல்லிவிடுவதால் சுகந்திக்குக் காட்சியில் செய்ய ஒரு வேலையும் மிஞ்சுவதில்லை. அவனுடைய குரலை எடுத்துவிட்டால் அந்த வேலை முழுவதும் அவளிடம் வந்து சேரும். சரி, எடுப்போம். எப்படி எடுத்தால் சபை கதையைத் தவறவிடாது?

வழி தேடுமுன் ஒரு கணக்கு முடிக்கவேண்டும். ரமணனின் வரிகளில் சபைக்கு அவசியமான செய்தி எவ்வளவு? பேசுவது தம்பி, அவன் பஸ் ஏறவில்லை. சங்கிலி ஏலத்தில் போய்விட்டது. அக்கா அனுப்பிய காசும் போய்விட்டது. அம்மாவுக்கு இது தெரியக்கூடாது. இவ்வளவுதான். லீசிங், மூன்று மாதம், போன கிழமை எல்லாம் அவன் வாயில் இருந்தால்தான் இயல்பு. அவற்றைச் சுகந்தியின் வாய்க்கு மாற்ற முயன்றால் அவள் செய்தி வாசிக்கத் தொடங்கிவிடுவாள். காசு எங்கே போனது என்று சபைக்குத் தெரியவேண்டியதில்லை, அது இப்போது இல்லை என்று தெரிந்தால் போதும். ஒரு பக்க உரையாடலாக மாற்றும்போது சில செய்திகளை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். எதை விடுவது என்று முதலிலேயே முடிவு செய்யாதவர்கள்தான் பிறகு நாயகியின் வாயில் எல்லாவற்றையும் திணிக்கிறார்கள்.

முதல் வழி, எல்லோரும் முதலில் கைவைக்கும் வழி, எதிரொலி. அவன் சொன்னதை இவள் கேள்வியாகத் திருப்பிச் சொல்வாள்.

சுகந்தி: ஹலோ, ஆர், ரமணனோ? என்ன, இன்னும் அறையிலதான் நிக்கிறியோ? என்ன, சங்கிலியை மீட்க ஏலாமல் போயிட்டுதோ? என்ன, தவணை முடிஞ்சு ஏலத்தில போயிட்டுதோ? ஐயோ, நான் அனுப்பின காசை லீசிங்குக்குக் கட்டிட்டியோ?

செய்தி ஒன்றும் குறையவில்லை. சபையில் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் விளங்கும். ஆனால் பேசுவது ஒரு அக்கா போல இல்லை. அதிர்ச்சியான செய்தி கேட்கும் ஒருவர் முழு வசனத்தைத் திருப்பிச் சொல்வதில்லை. அந்த வசனத்தில் எந்தச் சொல் குத்தியதோ அதை மட்டும்தான் சொல்வார்: 'ஏலத்திலயோ?' முழு வசனத்தையும் நாம் திருப்பிச் சொல்லும் இடங்கள் வாழ்க்கையில் குறைவு. சத்தம் சரியாகக் கேட்காதபோது சொல்வோம். ஒரு இலக்கத்தையோ விலாசத்தையோ எழுதும்போது சொல்வோம். பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கட்டும் என்று நினைக்கும்போது சொல்வோம். காட்சியில் இந்தக் காரணங்களில் ஒன்று இருந்தால் எதிரொலி நியாயமாகும். இல்லையென்றால் அதிகபட்சம் ஒரே ஒரு தடவை, அதுவும் ஒரே ஒரு சொல். அந்த ஒரு தடவையை எங்கே செலவழிப்பது என்பதே எழுத்தாளரின் தெரிவு. இந்தக் காட்சியில் அது ஏலம் என்ற சொல்லுக்குத்தான் போகவேண்டும்.

எதிரொலி வரிசையாக வந்தால் இன்னொரு கேடும் உண்டு. இரண்டாவது 'என்ன' வந்ததுமே சபை ஊகிப்பதை நிறுத்திவிடும், அடுத்த வரியில் அவளே சொல்லப்போகிறாள் என்று தெரிந்துவிடுவதால். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே உதவும். ஒரு போன் உரையாடலின் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டவர்களின் கவனம், இரண்டு பக்கத்தையும் கேட்டவர்களின் கவனத்தைவிடக் கூடுதலாகக் கையில் இருந்த வேலையிலிருந்து விலகியது. அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டி ஊகிக்க முடியாததுதான் காரணம் என்று அவர்கள் விளக்கினார்கள். பஸ்ஸில் பக்கத்து ஆசனக்காரர் போன் கதைத்தால் நமக்குத் தொல்லையாக இருப்பது இதனால்தான். மேடையில் நமக்கு வேண்டியதும் அதே இழுப்புத்தான். எதிரொலி அதைக் கொன்றுவிடுகிறது.

இரண்டாவது வழி இதற்கு நேரெதிர். ரமணனின் வரிகளை அப்படியே வெட்டி எறிவது. சுகந்தியின் வரிகளையும் எலும்பு வரை செதுக்குவது.

சுகந்தி: எங்க நிக்கிறாய்?
(…)
ஏன்?
(…)
ம்.
(…)
எப்ப?
(…)
அப்ப நான் அனுப்பினது?
(…)
அம்மா உள்ளுக்க இருக்கிறா.
(…)
நீ வா.

எழுத்தாக வாசிக்க மூன்றிலும் அழகானது இதுதான், சந்தேகமே இல்லை. நல்ல நடிகை கையில் கிடைத்தால் இது நெஞ்சை அடைக்கும். பேசுவது யார் என்பதைக்கூட முதல் வரி பாதி சொல்லிவிடுகிறது. 'நிக்கிறாய்' என்ற வினைமுற்று மறுபக்கத்தில் இருப்பவர் இளையவர், நெருக்கமானவர் என்று காட்டிவிட்டது. அவளைவிட மூத்தவராக இருந்தால் 'எங்க நிக்கிறியள்' என்று வந்திருக்கும். ஒரு பக்க உரையாடல் எழுதுபவருக்குத் தமிழ் தரும் பெரிய உதவி இது. பேரைச் சொல்லி அறிமுகம் செய்யத் தேவையில்லை, வினையின் வால் அதைச் செய்துவிடும். அதோடு ஒரு 'அக்காவுக்குச் சொல்லு' சேர்த்தால் போதும், தன்னைத் தானே உறவுமுறையால் குறிக்கும் நம் வழக்கம் இரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் அடையாளம் காட்டிவிடும்.

ஆனால் 'எப்ப?' என்ற இடத்தில் இந்த வழி வழுக்குகிறது. எது எப்போது? சபைக்குத் தெரியாது. அது தெரியாததால் 'அப்ப நான் அனுப்பினது?' என்பதும் விளங்காது. ஒரு பக்க உரையாடலில் எதிர்வினை முதலில் வரும், செய்தி பிந்தி வரும். அந்த இடைவெளி இரண்டு மூன்று வரிக்குள் அடைபட்டால் அது ஆவல். அதற்கு மேல் நீண்டால் சபை பக்கத்தில் இருப்பவரிடம் 'என்னவாம்?' என்று கேட்கத் தொடங்கும். அந்த முணுமுணுப்பில் அடுத்த இரண்டு வரியும் போய்விடும்.

இந்த வழியை எடுப்பவர்கள் அநேகமாகச் செய்யும் பரிகாரம், செய்தியை முன்காட்சியில் ஊன்றிவிடுவது. போன் அடிக்கும் முன்பே பேத்தி சேலை உடுத்திப் பார்க்கிறாள், அம்மா வெறும் நகைப்பெட்டியைத் துடைத்து மேசையில் வைக்கிறார், சங்கிலி நாளைக் காலை வந்துவிடும் என்று சொல்கிறார். பிறகு போனில் சுகந்தி 'எப்ப?' என்று கேட்டபடி அந்தப் பெட்டியின் மூடியை மெதுவாக மூடினால், சங்கிலிக்கு ஏதோ நடந்துவிட்டது என்பது விளங்கிவிடும். குறும்படத்துக்கு இந்த வழிதான் சரி. பெட்டியை அண்மைக் காட்சியில் காட்டலாம், விரல் நடுங்குவதைக் காட்டலாம், சொல்லே தேவைப்படாது. ஆனால் நாம் பேசுவது மண்டபத்தைப் பற்றி. திருகோணமலையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் பாடசாலை மண்டபத்தின் பக்கக் கதவு எல்லாம் திறந்திருக்கும், மேலே மின்விசிறி ஓடும், ரோட்டில் போகும் ஓட்டோவின் சத்தம் உள்ளே வரும். பதினைந்தாவது வரிசையில் இருப்பவருக்கு விரல் தெரியாது. பெட்டி மூடுவது தெரியலாம், ஏலம் என்பது தெரியாது.

மூன்றாவது வழி, அந்த வீட்டிலேயே இன்னொருவரைக் கேட்கும் தூரத்தில் வைப்பது. நம் காட்சியில் அவர் ஏற்கெனவே இருக்கிறார்: அம்மா. உண்மை தெரியக்கூடாதவரும் அவர்தான். அவரை உள்ளறையில் வைத்துக் குரல் மட்டும் கொடுத்தால் காட்சி இப்படி ஆகிறது:

(மேசையில் திறந்தபடி வெறும் நகைப்பெட்டி.)

அம்மா: (உள்ளிருந்து) தம்பியோ? பஸ் ஏறிட்டானாமோ?
சுகந்தி: பொறுங்கோ அம்மா. (போனில்) எங்க நிக்கிறாய்?
(…)
சுகந்தி: பின்ன எப்ப வெளிக்கிடப்போறாய்? கடைசி பஸ்ஸும் போயிடும்.
அம்மா: என்னவாம்?
சுகந்தி: (உள்பக்கம் திரும்பி) பஸ்ஸில சனமாம் அம்மா. அடுத்ததில வாறானாம். (போனில், குரலை இறக்கி) சொல்லு. அக்காவுக்குச் சொல்லு.
(…)
சுகந்தி: ம். (…) ம். (பெட்டியின் மூடியில் கை வைக்கிறாள்.) ஏலத்திலயோ?
(…)
சுகந்தி: கடிதம் போடாமல் விக்கமாட்டாங்கள். உனக்குக் கடிதம் வந்திருக்கும்.
(…)
சுகந்தி: அப்ப நான் அனுப்பின காசு?
(…)
சுகந்தி: ரமணன்? லைன்ல நிக்கிறியோ?
அம்மா: பிள்ளை, சங்கிலியைப் பையில போடவேண்டாம் எண்டு சொல்லு. இடுப்பில முடிஞ்சுகொண்டு வரட்டும்.
சுகந்தி: (மூடியை மூடுகிறாள். உள்பக்கம்) இடுப்பிலதான் முடிஞ்சு வச்சிருக்கிறானாம் அம்மா.
அம்மா: கந்தளாய் வந்ததும் கோல் எடுக்கச் சொல்லு. நான் தேத்தண்ணிக்குத் தண்ணி வைப்பன்.
சுகந்தி: (போனில்) கேட்டியோ?
(…)
சுகந்தி: அழாத. வெறுங்கையோட எண்டாலும் வா.

இதை ஏன் மற்ற இரண்டுக்கும் மேலே வைக்கிறேன் என்றால், அம்மா இங்கே விளக்கம் கேட்பதற்காக வைத்த ஆள் மட்டும் அல்ல. சுகந்தி சொல்லும் 'ஆம்' விகுதி எல்லாவற்றிலும் காட்சியின் நாடகம் இருக்கிறது. 'வாறானாம்', 'வச்சிருக்கிறானாம்' என்று மற்றவர் சொன்னதாகச் சொல்லும் அந்த விகுதி, வழக்கமாக மறுபக்கத்துச் செய்தியை அறையில் இருப்பவருக்குக் கடத்துவதற்குப் பயன்படும். அதனால் எழுதுபவருக்கு அது இலகுவான கருவி. இங்கே அவள் அதை வைத்துப் பொய் சொல்கிறாள். ரமணன் சொல்லாததை அவன் சொன்னதாகச் சொல்கிறாள். போனுக்குள் சொல்வது ஒன்று, உள்ளறைக்குச் சொல்வது ஒன்று. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்திலிருந்து சபை ரமணனின் வரிகளைத் தானே எழுதிக்கொள்கிறது. 'கடைசி பஸ்ஸும் போயிடும்' என்று கேட்டபிறகு 'அடுத்ததில வாறானாம்' என்று கேட்கும்போது, அவன் வரவில்லை என்பதும் அதை அம்மாவிடம் மறைக்கிறாள் என்பதும் ஒருசேர விளங்கிவிடும். முதல் வடிவத்தில் ரமணன் வாயால் சொன்ன 'அம்மாக்குச் சொல்லாதேங்கோ' என்ற வரியை யாரும் சொல்லத் தேவையே இல்லாமல் போய்விட்டது.

அந்த 'கடைசி பஸ்ஸும் போயிடும்' என்ற வரியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இது எதிரொலி இல்லை. அவன் 'இன்னும் அறையிலதான் நிக்கிறன்' என்று சொன்னதை அவள் திருப்பிச் சொல்லவில்லை, அதனால் என்ன ஆகும் என்று சொல்கிறாள். எதிரொலியை எடுக்கவேண்டிய ஒவ்வொரு இடத்திலும் கேட்டுப் பார்க்கவேண்டிய கேள்வி இதுதான்: இந்தச் செய்தியைக் கேட்டதும் இவள் எதை நினைத்துப் பதறுவாள்? அந்தப் பதற்றத்தை எழுதினால் செய்தி அதற்குள்ளேயே வந்துவிடும். கடிதத்தைப் பற்றிய வரியும் அப்படித்தான். தனக்குத் தெரியாமல் ஏலம் போட்டுவிட்டார்கள் என்று ரமணன் சொல்லியிருப்பான் என்பது அவள் மறுப்பதிலிருந்து தெரிகிறது. அவன் முழு உண்மை சொல்லும் ஆள் இல்லை என்பதும் சேர்ந்து தெரிகிறது. முதல் வடிவத்தில் அவன் கடிதத்தைத் தானே ஒப்புக்கொண்டான். இங்கே அவள் பிடிக்கிறாள். காட்சிக்கு இது நல்லது.

'ஏலத்திலயோ?' என்று கேட்கும்போது எது ஏலத்தில் போனது என்பது இன்னும் சொல்லப்படவில்லை. மூடியில் வைத்த கை அதை முன்வரிசைக்குச் சொல்கிறது. பின்வரிசைக்கு அம்மாவின் 'சங்கிலியைப் பையில போடவேண்டாம்' என்ற வரிதான் சொல்லும். இடையில் சுகந்தியின் வரிகள் மூன்று வந்துவிடுகின்றன. அதற்கு மேல் ஒரு வரி சேர்த்தாலும் கூடிவிடும். ஆகவே இந்த இடத்தில் நடிகை தன் பங்குக்கு எதையும் சேர்க்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

இந்த வழியில் பிசகும் இடமும் தெளிவானது. அம்மாவுக்குச் சொந்தமாக ஒரு தேவை இல்லாமல் 'என்னவாம்? என்னவாம்?' என்று கேட்டுக்கொண்டே இருந்தால், அவர் எதிரொலியின் வேலையை வேறு வேடத்தில் செய்கிறார், அவ்வளவுதான். மேலே உள்ள காட்சியில் அந்தக் கேள்வியை ஒரு தடவைதான் கேட்கிறார். மற்ற வரிகளில் அவருக்குச் சங்கிலி பத்திரமாக வரவேண்டும், மகனுக்குத் தேத்தண்ணி கொடுக்கவேண்டும். விடியப்புறம் கந்தளாய் தாண்டினால் வீடு வந்துவிடும் என்ற கணக்கு அவரிடம் இருக்கிறது. அந்தக் கணக்குத்தான் சுகந்தியை உடைக்கிறது.

இனி மௌனங்களுக்கு வருவோம். ஒரு பக்கக் காட்சி நிற்பதும் விழுவதும் இங்கேதான். மேடையில் நடிகை பேசாமல் இருந்தால் அதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம்: மறுபக்கம் பேசுகிறது, இவள் கேட்கிறாள். அல்லது மறுபக்கமும் பேசவில்லை. இரண்டையும் சபை தானாகப் பிரித்தறியாது. நேரில் நாம் கதைக்கும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி மிகச் சிறியது. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வில், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே சராசரி இடைவெளி ஏறக்குறைய ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று கண்டார்கள். இந்தத் தாளம் சபையின் காதிலும் இருக்கிறது. அதனால் இரண்டு நொடி அமைதி வந்தாலே, மறுபக்கம் ஏதோ நீளமாகச் சொல்கிறது அல்லது ஏதோ பிழைத்துவிட்டது என்று சபை எடுத்துக்கொள்ளும். எது என்று நாம்தான் காட்டவேண்டும். கேட்கும் மௌனத்துக்கு நடுவில் 'ம்' வரவேண்டும், மூச்சு வரவேண்டும், பேச வாய் திறந்து நிறுத்தும் அசைவு வரவேண்டும். மறுபக்கம் மௌனமானால் அதை வாயால் சொல்லவேண்டும். 'ரமணன்? லைன்ல நிக்கிறியோ?' என்ற வரி அதற்காகவே இருக்கிறது. அவள் பேசி முடித்த கையோடு தெரிகிறது, காசைப் பற்றிக் கேட்டதற்கு அவனிடம் பதில் இல்லை என்று. லீசிங் விவரம் முழுவதையும் அந்த ஒரு வரி ஈடுசெய்துவிட்டது.

இதற்காக ரமணனின் வரிகளை முற்றாக அழித்துவிடக்கூடாது. நடிகையின் பிரதியில் ஒவ்வொரு (…) குறிக்குள்ளும் அவன் சொல்லும் வசனம் முழுதாக எழுதப்பட்டிருக்கவேண்டும். உதாரணமாக, கடிதத்துக்கு முந்திய இடத்தில்: [அவங்கள் எனக்கு ஒண்டும் அறிவிக்கேல்லை அக்கா, நேரா வித்துப்போட்டாங்கள்.] ஒத்திகையின் முதல் நாட்களில் யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்து இந்த வரிகளை உரத்து வாசிக்கவேண்டும். சுகந்தி எந்தச் சொல்லில் திடுக்கிடுகிறாள், எந்தச் சொல்லில் குறுக்கிடப் பார்க்கிறாள் என்பது அப்போதுதான் உடம்பில் ஏறும். பிறகு வாசிப்பவர் உதட்டை மட்டும் அசைக்கட்டும், அதன்பின் வெளியே போகட்டும். அந்த வசனங்கள் இல்லாமல் ஒத்திகை பார்த்த நடிகையின் மௌனங்கள் எல்லாம் ஒரே நீளத்தில் வரும். சபை கண்டுபிடிக்கும் முதல் பொய் அதுதான்.

ஆனால் மேடையில் மௌனத்தை அந்த வசனத்தின் முழு நீளத்துக்கு வைக்கவும் முடியாது. எட்டு நொடி எடுக்கும் வசனத்துக்கு எட்டு நொடி காத்திருந்தால் மண்டபம் தளர்ந்துவிடும். பாதி நீளம் போதும். ஏலச் செய்தி வரும் இடத்துக்கு மட்டும் முழு நீளமும் கொடுக்கலாம், அதை இரண்டு 'ம்' பிரித்துத் தாங்கும்.

நிற்கும் விதத்தையும் பார்க்கவேண்டும். போனைச் சபைக்கு மறுபுறமுள்ள காதில் வைக்கவேண்டும், இல்லையென்றால் கையும் போனும் முகத்தை மறைத்துவிடும். உள்ளறைக்குப் பேசும் வரிகளுக்கு உடம்பு திரும்பவேண்டும், குரல் உயரவேண்டும். போன் வரிகளுக்கு முகம் சபைப் பக்கம், குரல் தாழ்வு. தாழ்வு என்றால் பின்வரிசைக்குக் கேட்காத தாழ்வு அல்ல. சொல் தெளிவாக இருந்து தொனி மட்டும் இறங்கவேண்டும். இந்த இரண்டு திசையும் கலந்துவிட்டால் எந்த வரி தம்பிக்கு, எந்த வரி அம்மாவுக்கு என்பது குழம்பி, பொய்யும் உண்மையும் ஒன்றாகிவிடும்.

இதே காட்சியை வானொலிக்குப் போட்டாலும் மூன்றாவது வழிதான் நிற்கும். உடம்புக்குப் பதில் மைக்குத் தூரம் அந்த வேலையைச் செய்யும்: போன் வரிகள் மைக்குக்குக் கிட்ட, அம்மாவுக்குச் சொல்பவை ஒரு அடி தள்ளி, முகத்தைத் திருப்பி. பெட்டிக்குக் கேட்கும்படி ஒரு மூடிச் சத்தம் வேண்டும், ஏலம் என்ற சொல்லுக்கு முன்பே அம்மா சங்கிலியைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடவும் வேண்டும்.

அம்மாவுக்குக் குரல் கொடுக்க ஆள் இல்லாத சிறிய குழு என்றால் இரண்டாவது வழியையே எடுத்து, முன்காட்சியில் சங்கிலியை நன்றாக ஊன்றி, 'ஏலத்திலயோ?' என்ற ஒரே எதிரொலியை அதில் சேர்த்துக்கொள்வது நல்லது. அம்மாவைச் சுவருக்கு அப்பால் சத்தமில்லாமல் கற்பனை செய்து அவரோடும் சுகந்தி பேசுவதாக எழுத ஆசை வரும். அப்படி எழுதினால் சபை ஒரே நேரத்தில் இரண்டு பேசாத ஆட்களை ஊகிக்கவேண்டிவரும். அது நடக்காது.

எந்த வழி எடுத்தாலும் கடைசியில் ஒரு சோதனை வைக்கலாம். கதை தெரியாத ஒருவரை உட்காரவைத்து, இரண்டாவது வழி என்றால் முன்காட்சியோடும், மற்றபடி இந்தக் காட்சியை மட்டும் ஒரு தடவை நடித்துக்காட்டி, நான்கு கேள்வி கேளுங்கள். போனில் யார்? அவர் எங்கே வரவேண்டியவர், வருகிறாரா? என்ன போய்விட்டது? அம்மாவுக்கு எது தெரியும்? முதல் கேள்வியில் பிழை வந்தால் உறவுமுறை வரியைத் தொடக்கத்துக்கு நகர்த்துங்கள். மூன்றாவதில் பிழை வந்தால் அம்மாவின் சங்கிலி வரியை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். நான்காவதில் பிழை வந்தால் வரிகளைத் தொடவேண்டாம். நடிகை திரும்பும் திசையைத்தான் சரிபார்க்கவேண்டும். 'காசு எங்கே போனது?' என்று அவர் திருப்பிக் கேட்டால் அதற்குப் பதில் எழுதப் போகாதீர்கள். அந்தக் கேள்வியோடு அவர் அடுத்த காட்சிக்கு வரட்டும்.